ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடுமா?

"சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." கம்ப்யூட்டர் லேபில் இந்த அருள்வாக்கைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. பைத்தான் வகுப்பில் திரை முழுக்க 1, 1, 1 என்று ஓடத் தொடங்கியதுமே யாராவது ஒருவர் சுவிட்சைத் தேடிப் போய்விடுவார்.

ஓயாமல் அச்சிட்டுத் தள்ளுகிற ஒன்றை ஹேங் ஆகிவிட்டது என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். எழுதிக் கொடுத்ததை அது அப்படியே செய்கிறது:

```
i = 1
while i <= 5:
    print(i)
i = i + 1
```

`i` 1 ஆக இருக்கிறது, 5-ஐத் தாண்டவில்லை, அச்சிட்டுவிட்டு மறுபடி நிபந்தனைக்குப் போனால் அப்போதும் 1-தான். ஒன்றைக் கூட்டும் வரி இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் இடது ஓரத்தில், லூப்புக்கு வெளியே. லூப் முடிந்தால்தான் அதன் முறை வரும். அது ஓடினால்தான் லூப் முடியும். இலக்கணப்படி பிழையில்லாததால் பைத்தானும் எர்ரர் காட்டாது.

ஆஃப்-ஆன் வைத்தியத்தின் லட்சணம் தெரிய வேண்டுமென்றால் 2008 டிசம்பர் 31-ஐப் பார்க்க வேண்டும். அன்று மைக்ரோசாப்டின் 30 ஜிபி Zune மியூசிக் பிளேயர்கள் கூட்டங்கூட்டமாக உறைந்தன. நாள்கணக்கிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் லூப் அதில் இருந்தது: நாள் 365-க்கு மேல் இருக்கும்வரை சுற்று, லீப் ஆண்டாக இருந்து நாள் 366-ஐயும் தாண்டினால் 366-ஐக் கழி. அன்றைய நாள் சரியாக 366. 365-ஐ விட அதிகம், ஆகவே லூப் விடவில்லை. 366-ஐத் தாண்டவில்லை, ஆகவே எதுவும் கழியவில்லை. எண் மாறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டாலும் தேதி அதேதானே? மறுபடி அதே சுழலில் விழும். கடைசியில் நிறுவனம் சொன்ன வழி, பேட்டரி தீரவிட்டு, ஜனவரி 1 கிரீன்விச் நேரம் நண்பகலுக்குப் பிறகு இயக்குவது. அப்போது நாள் 367. 366 கழிந்து 1 ஆகும், லூப் முடியும்.

பாவம், அந்தப் பிளேயரில் கீபோர்டு இல்லை. லேபில் இருக்கிறது. `Ctrl`-ஐ அழுத்திக்கொண்டே `C`-ஐத் தட்டினால் பைத்தான் `KeyboardInterrupt` என்று சொல்லி நிற்கும், எந்த வரியில் நின்றது என்பதையும் காட்டும். IDLE ஷெல்லில் அதன்பிறகு `i` என்று அடித்தால் `1` என்று வரும். குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான். சுவிட்சை அணைத்தவருக்கு இந்தத் தடயமும் கிடையாது, சேமிக்காத நிரலும் கிடையாது.

"சி அடிச்சும் நிக்கலையே" என்பவர்கள் லூப்புக்குள் வெறும் `except:` இருக்கிறதா என்று பார்க்கட்டும். அது அந்த நிறுத்த உத்தரவையும் சேர்த்து விழுங்கிவிடும். `except Exception:` என்று எழுதினால் விழுங்காது.