மயங்கிக் கிடப்பவளிடம் கேட்டது யார்?

கருப்பை அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்தால் பெண்ணின் வயிற்றுத் தசைகள் தளர்ந்துவிடும். அப்போது பிறப்புறுப்பினுள் இரு விரல்களை வைத்து, மறு கையால் அடிவயிற்றை அழுத்தினால் கருப்பையின் அளவும் கட்டியும் தெளிவாகத் தெரியும். அறுவை செய்யும் மருத்துவர் இப்படிப் பார்ப்பது அவளுடைய சிகிச்சைக்காக. பிறகு மாணவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தால், அது அவர்களுடைய படிப்புக்காக. ஒரே மேசையில் நடப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து மகளிர் மருத்துவமனையில் இது சம்மதமின்றி நடந்ததை 1988இல் கார்ட்ரைட் விசாரணை அம்பலப்படுத்தியது. இதற்குத் தனிச் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்க அரசு மருத்துவமனைகளுக்குத் தெளிவாகச் சொன்னது 2024 ஏப்ரலில்தான்.

நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வருவது சமீரா கோலி வழக்கு. 1995இல் டெல்லியில், 44 வயதான அவர் நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்காக மயக்கத்தில் இருந்தார். வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். நோயாளி வயதுவந்தவர், சற்று நேரத்தில் விழித்துவிடுவார், அவசரமும் இல்லை. ஆகவே தாயின் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றுக்குத் தந்த சம்மதம் மற்றொன்றுக்கு ஆகாது. அவருடைய நலனுக்கென்று சொல்லிச் செய்ததற்கே இதுதான் விதி என்றால், பிறர் பயிற்சிக்காகச் செய்வதற்கு?

அதே தீர்ப்பு, இந்திய நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், படிக்காதவர்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, அமெரிக்காவைப் போல விரிவாக விளக்க வேண்டிய கடமையை இங்கே தளர்த்தியது. எனக்கு உறுத்துவது இதுதான். புரியாது என்று யாரைச் சொல்கிறார்கள்? ஒரத்தநாட்டிலும் நீடாமங்கலத்திலும் நடவு நட்டுக் களைபறிக்கும் நம் பெண்களைத்தானே? பணம் உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். பயிற்சிக்குக் கிடைப்பது சேரிப் பெண்ணின் உடல்.

என் சித்திக்காக நான் வாசித்துக் காட்டிய படிவத்தில் ‘எல்லாச் சிகிச்சைக்கும் மயக்கத்துக்கும் சம்மதம்’ என்று ஒரே வரிதான் இருந்தது. மாணவர் என்ற சொல்லே அதில் இல்லை.

சமீரா கோலிக்குத் தழும்பு இருந்தது, ஆவணம் இருந்தது. உள்பரிசோதனை தழும்பு விடுவதில்லை. நடந்ததே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவளால் புகார் கொடுக்க முடியாத இடத்தில், சொல்ல வேண்டிய பொறுப்பு மருத்துவமனையுடையது.

மாணவர் கற்கத்தான் வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வந்த நம் வீட்டுப் பெண்ணும் அந்த வரிசையில் நிற்கிறாள். படுத்திருப்பவள் அவளுடைய அம்மாவைப் போன்றவள். அதனால், முதல் நாளே வார்டில், துணி மாற்றும் முன், “நாளை நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது இரண்டு மாணவர்கள் உள்ளே கைவைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா? வேண்டாம் என்றாலும் அறுவை அப்படியே நடக்கும்” என்று அந்த மாணவியே தமிழில் கேட்கட்டும். பதிலையும், பார்த்தவர்களின் பெயர்களையும் கேஸ் ஷீட்டில் எழுதி, டிஸ்சார்ஜ் அன்று அவளிடம் ஒரு நகல் தரட்டும்.