பேய் பார்த்த பேர்வழி!

"ஏங்க, ராத்திரி 2 மணிக்குப் பேய்ப் படமா பார்த்தீங்க?" என்றாள் மனைவி. சத்தியமா நான் இல்லை ஸார்!

நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் Manage access and devices பக்கத்தைத் திறந்தேன். என் போன், வீட்டு டி.வி., மூன்றாவதாக யாரோ ஒரு டி.வி.! ஊர் சென்னை என்றது. நெட் இணைப்பை வைத்துக் குத்துமதிப்பாகப் போடுகிற ஊர் அது. மலைமேல் இருக்கிற டி.வி.கூட சென்னைவாசி ஆகிவிடும். கம்பெனிப் பெயரைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. போன மாதம் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலை செம்மேட்டில் தங்கின லாட்ஜ்! அறையைக் காலி பண்ணினேன், கணக்கைக் காலி பண்ணலை.

அதற்கு நேரே Sign Out தட்டினேன். அது மட்டும் போதாது. "நீயே அடிச்சிடு தம்பி"னு ரூம் பையனிடம் பாஸ்வேர்டைச் சொன்னவனாச்சே! மறுபடி நுழைய எத்தனை நேரமாகும்? அதையும் மாற்றினேன்.

பேய்ப் படம் பாதியில் நிற்கிறது. மீதியை மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.