ஏழாம் நம்பர் சீட்டும் எட்டாம் நம்பர் சீட்டும்

குற்றாலத்துல சீசன் வந்துட்டா தென்காசியில எவனுக்கும் ஓய்வு கிடையாது. பதிவுலகத்துல பாதிப் பேர் பொட்டி தட்டுற சனம்தாங்கிற தைரியத்துல இன்னைக்கு ஒரு டேட்டாபேஸ் சமாச்சாரம். பொட்டி தட்டாதவங்களும் ஓடிடாதீங்க, பஸ்ல சீட்டு பிடிக்கிற கதைதான் :-)

எங்க ஊர் அண்ணாச்சி ஒருத்தர் சென்னைக்கு ராத்திரி பஸ் விடுதார். தென்காசியில ஒரு கவுன்ட்டர், குற்றாலத்துல ஒரு கவுன்ட்டர். ஆரம்பத்துல எல்லாம் நோட்டுதான். ஒரு பஸ்ஸுக்கு ஒரு பக்கம், அதுல சீட்டுக்கு ஒரு கட்டம். நோட்டு தென்காசியில இருக்கும். குற்றாலத்துல ஆள் வந்தா அங்கே இருந்து போன் பண்ணுவாங்க. இங்கே பென்சில் வெச்சிருக்கிறவர் "செத்த இருங்க"ன்னு எதிர்ல நிக்கிறவரை நிறுத்திட்டு, போன்ல கேட்ட சீட்டை எழுதிட்டு, அப்புறம் இவரைப் பார்ப்பார். அந்த "செத்த இருங்க"தான் லாக். நோட்டு ஒண்ணு, பென்சில் ஒண்ணு. அதனால ஒரே சீட்டை ரெண்டு பேருக்கு விக்கவே முடியாது.

அப்புறம் வெப்சைட் வேணும்னு ஆசைப்பட்டார். ஓய்வு நேரத்துல நானே எழுதிக் கொடுத்தேன். தப்பு எல்லாம் என்னோடதுதான், முதல்லயே ஒத்துக்கிடுதேன்.

முதல் தப்பு எல்லாரும் பண்றது. சீட்டு காலியான்னு ஒரு `SELECT`, காலின்னா புக் ஆச்சுன்னு ஒரு `UPDATE`, டிக்கெட் டேபிள்ல ஒரு வரி. ரெண்டு பேர் ஒரே நொடியில ஏழாம் நம்பரைத் தட்டினா, ரெண்டு பேருக்கும் `SELECT` "காலி"ன்னுதான் சொல்லும். ரெண்டு `UPDATE`டும் ஓடும். ரெண்டாவது முதலாவது மேலேயே எழுதிட்டுப் போயிடும், யாருக்கும் எர்ரர் வராது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாரல்ல நனைஞ்சுக்கிட்டே அண்ணாச்சி போன் பண்ணினார். "தம்பி, ரெண்டு பேரு ஏழாம் நம்பரைக் காட்டுதாங்க. நான் யாரை ஏத்த, யாரை இறக்க?"

சீட்டு டேபிள்ல பார்த்தா ஒருத்தர் பேருதான் இருந்துச்சு. டிக்கெட் டேபிள்ல பார்த்தாத்தான் ஒரே பஸ், ஒரே சீட்டு, ரெண்டு வரி. உங்க புரோகிராம்ல இந்தச் சந்தேகம் வந்தா அங்கேதான் தேடணும். பணம் வாங்கின கணக்குதான் பொய் சொல்லாது.

இதுக்கு மருந்து ஏற்கெனவே இருக்கு. `SELECT` கடைசியில `FOR UPDATE` சேர்த்தா அந்த வரியை நம்ம ட்ரான்சாக்‌ஷன் பிடிச்சுக்கும். அதே வரியை `FOR UPDATE`ன்னு கேக்குற இன்னொருத்தர் நாம `COMMIT` பண்ணுற வரைக்கும் வரிசையில நிக்கணும். போஸ்ட்கிரெஸ்ல சாதாரண `READ COMMITTED` நிலையில, காத்திருந்தவருக்கு வரி கிடைக்கும்போது பழைய "காலி" வராது, நாம எழுதின புது நிலைமைதான் வரும். அவருக்கு "சீட்டு போச்சு"ன்னு சொல்லிடலாம். சும்மா சீட்டு மேப் பார்க்கிறவங்களோட வெறும் `SELECT` நிக்காது, அது பாட்டுக்கு ஓடும். `BEGIN` மட்டும் போட்டுட்டா போதும்னு நானே ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருந்தேன். போதாது. வெறும் `SELECT` எந்த வரியையும் யார்கிட்ட இருந்தும் காப்பாத்தாது.

சரி, போட்டாச்சு. அடுத்த வாரமே குற்றாலம் கவுன்ட்டர்ல அடுத்த கூத்து.

கவுன்ட்டர் புரோகிராம்ல பையன் சீட்டைத் தட்டினதும் `FOR UPDATE`, பேரு, வயசு, பணம் எல்லாம் வாங்கி முடிச்சதும் `COMMIT`ன்னு எழுதியிருந்தேன். ரொம்பப் பாதுகாப்புன்னு பெருமை வேற. பையன் சீட்டைத் தட்டிட்டு, வந்தவர் பணம் எடுக்க வண்டிக்குப் போனதும், இவனும் பார்டர் பரோட்டா வாங்கக் கிளம்பிட்டான். கிட்டத்தட்ட அரை மணி நேரம் அந்த வரி பூட்டிக் கிடந்துச்சு. அதே சீட்டைத் தட்டின வெப்சைட் ஆட்கள் எல்லாருக்கும் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. அப்படிக் காத்து நிக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு கனெக்‌ஷனைப் பிடிச்சிருந்தாங்க. நான் வெச்சிருந்தது மொத்தம் பத்து. பத்தும் தீர்ந்ததும் வேற சீட்டு, வேற பஸ் கேட்டவங்களுக்கும் கதவு சாத்தியாச்சு. `pg_stat_activity`யில பார்த்தா ஒரு ஆசாமி மட்டும் `idle in transaction`னு உக்காந்திருந்தார். அவர்தான் பரோட்டா.

லாக்குங்கிறது பென்சிலால எழுதுற நேரத்துக்கு மட்டும்தான். ஆள் பர்ஸைத் தேடுற நேரத்துக்கு இல்லை. நடுவுல ஒரு மனுஷன் யோசிக்கணும், இல்லை பேங்க் பதில் சொல்லணும்னா அங்கே ட்ரான்சாக்‌ஷன் திறந்தே இருக்கக் கூடாது. அதனால இப்போ சீட்டைத் தட்டினதும் பூட்டு, "பிடிச்சு வெச்சிருக்கு, இன்னார் பேர்ல, எட்டு நிமிஷம் வரைக்கும்"னு வரியில எழுது, உடனே `COMMIT`. எல்லாம் சில மில்லி செகண்டுதான். எட்டு நிமிஷம் தாண்டின சீட்டை அடுத்தவருக்குக் காலின்னு எடுத்துக்கலாம். பணம் வந்ததும் மறுபடி பூட்டி, பிடிச்சு வெச்சது இன்னும் நம்ம பேர்லதானான்னு பார்த்துட்டு உறுதி பண்ணணும். இந்த ரெண்டாவது பார்வையை விட்டுட்டா பழைய குடி கெடும். அருவிக்கரையில சிக்னல் இல்லாம பணம் ஒன்பதாவது நிமிஷம் வந்து சேரும், அதுக்குள்ளே சீட்டு இன்னொருத்தருக்குப் போயிருக்கும். அப்போ வேற சீட்டு கொடு, இல்லைன்னா பணத்தைத் திருப்பு. எந்த லாக்கும் இதைத் தீர்க்காது.

இது வரைக்கும் பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் இந்தப் பதிவை எழுத உக்காந்ததே மூணாவது தப்புக்காக.

ஆம்னி பஸ்ல ஒரு வழக்கம் உண்டு. தனியா வர்ற பொண்ணு சீட்டு எடுத்தா பக்கத்து சீட்டை இன்னொரு பொண்ணுக்குத்தான் கொடுப்பாங்க. நான் அதையும் எழுதியிருந்தேன். சீட்டு ஏழைக் கேட்டா ஏழைப் பூட்டு, எட்டைப் படிச்சுப் பாரு, எட்டுல ஆம்பளை இல்லைன்னா பொண்ணுக்குக் கொடு. எட்டைக் கேட்டா எட்டைப் பூட்டு, ஏழைப் படி.

ஒரு ஞாயித்துக்கிழமை ஏழுல ஒரு காலேஜ் பொண்ணு, எட்டுல ஒரு ஆள். ரெண்டுமே வெவ்வேற சீட்டு, டிக்கெட் கணக்குல ஒரு குறையும் இல்லை. லாக்கில பார்த்தா ரெண்டு புக்கிங்கும் ஒரே நொடி. அந்தப் பொண்ணு ஏழைப் பூட்டி எட்டைப் படிச்சுது, காலி. அந்த ஆள் எட்டைப் பூட்டி ஏழைப் படிச்சார், காலி. ரெண்டு பேர் பூட்டினதும் வேற வேற வரி, அதனால யாருக்காகவும் யாரும் நிக்கலை. படிச்சதோ வெறும் `SELECT`, அதுவும் நிக்காது. ரெண்டு பேரும் சந்தோஷமா `COMMIT`. ராத்திரி பூரா அந்தப் பொண்ணு ஜன்னலோட ஒட்டி உக்காந்துக்கிட்டு வந்திருக்கணும். டிரைவர் சீட்டு மாத்திக் கொடுத்ததால தப்பிச்சோம்.

நோட்டுக் காலத்துல இது ஏன் நடக்கலை? பென்சில் பிடிச்சவர் கையில முழுப் பக்கமும் இருந்துச்சு. ஏழுல எழுதும்போது எட்டுலயும் யாரும் எழுத முடியாது. நான் ஒரு கட்டத்தை மட்டும் பூட்டிட்டு, பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து முடிவெடுத்தேன். மாத்தப் போற வரியைப் பூட்டினா மட்டும் பத்தாது, எந்த வரியைப் பார்த்து முடிவு பண்றோமோ அதையும் பூட்டணும். இப்போ ஜோடி சீட்டுக்கு ஒரு நம்பர் கொடுத்து ரெண்டையும் சேர்த்தே பிடிக்கிறேன்.

```sql
BEGIN;
SELECT seat_no, status, sex
  FROM seat
 WHERE trip_id = 412 AND pair_no = 4
 ORDER BY seat_no
   FOR UPDATE;
```

இதுக்கு அப்புறம்தான் முடிவு, `UPDATE`, `COMMIT`. `ORDER BY` அலங்காரத்துக்கு இல்லை. ஒருத்தர் ஏழைப் பிடிச்சு எட்டுக்கும், இன்னொருத்தர் எட்டைப் பிடிச்சு ஏழுக்கும் காத்திருந்தா காலம் பூரா நிக்க வேண்டியதுதான். போஸ்ட்கிரெஸ் ஒரு செகண்ட் பார்த்துட்டு ஒருத்தரை `deadlock detected`னு வெட்டி விடும். ரெண்டு பேரும் சின்ன நம்பர்ல இருந்தே பிடிச்சா அந்தச் சிக்கலே வராது.

"எதுக்குய்யா இவ்வளவு, `UPDATE ... WHERE status = 'free'`னு ஒரே வரியில எழுதி, எத்தனை வரி மாறிச்சுன்னு பார்த்தா போதாதா?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். ஒத்தை சீட்டுக்கு அது சரிதான், நான் எழுதினதை விடச் சுத்தமாவே இருக்கும். டிக்கெட் டேபிள்ல ஒரு யூனிக் இண்டெக்ஸும் கட்டாயம் வேணும், நானும் இப்போ போட்டிருக்கேன். ஆனா பக்கத்து சீட்டு விவகாரத்துல இந்த ரெண்டுமே வாயைத் திறக்காது. ஏழும் எட்டும் தனித்தனி சீட்டு, எதுவும் ரெண்டு தடவை விக்கலை. `SERIALIZABLE`னு வெச்சா போஸ்ட்கிரெஸ் தானே கண்டுபிடிச்சு ஒருத்தரைத் தள்ளும், நிஜம்தான். தள்ளினவரை மறுபடி முயற்சி பண்ண வைக்கிற கோடு எல்லா இடத்துலயும் எழுதணும். எட்டு மணிக்குக் கவுன்ட்டர்ல கூட்டம் நிக்கும்போது எனக்கு ஜோடி லாக்கே சௌகரியம். பெரிய கம்பெனிக்காரங்க பின்னூட்டத்துல வந்து திட்டலாம்.

பி.கு: மைஸீக்வல்ல பழைய டேபிள் வெச்சிருக்கிறவங்க அது `MyISAM`மா `InnoDB`யான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. 2010ல வந்த 5.5க்கு முன்னாடி `MyISAM`தான் தானா வந்து உக்காரும். அதுல ட்ரான்சாக்‌ஷனே கிடையாது, `FOR UPDATE`னு எழுதினா மறுப்பேச்சு பேசாம வாங்கிக்கும், பூட்டு மட்டும் விழாது.