‘இது என் வேலை இல்லை’ என்று மறுத்தால் டிஸ்மிஸ் செய்ய முடியுமா?.. சட்டம் சொல்வது என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில் என்று வைத்துக்கொள்வோம். நைட் ஷிஃப்ட். மெயின்டனன்ஸ் ஆள் வரவில்லை. பேக்கிங்கில் இருக்கும் ஹெல்பரைக் கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு கிரீஸ் வைக்கச் சொல்கிறார் சூப்பர்வைசர். “அது என் வேலை இல்லை சார்” என்கிறார் ஹெல்பர். மறுநாள் காலையில் கையில் சார்ஜ் ஷீட். குற்றச்சாட்டு: ‘கீழ்ப்படியாமை’.

இதற்காக அவரை வேலையைவிட்டே தூக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கான விடை மூன்று சொற்களில் இருக்கிறது. எதைச் சொன்னாலும் மறுப்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி நிலையாணைகள், மேலதிகாரியின் ‘சட்டப்படியான’, ‘நியாயமான’ உத்தரவை ‘வேண்டுமென்றே’ மீறுவதைத்தான் ஒழுங்கீனம் என்கின்றன. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நிர்வாகத்தின் வாதம் ஆட்டம் காணும்.

சட்டப்படியான உத்தரவா?

மேலே சொன்ன ஹெல்பரையே எடுத்துக்கொள்வோம். ஓடும் மெஷினுக்கு எண்ணெய், கிரீஸ் வைக்கும் வேலையை யார் செய்யலாம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு தெளிவாகச் சொன்னது. தனிப் பயிற்சி பெற்ற, வயது வந்த ஆண் தொழிலாளியாக இருக்க வேண்டும். அதற்கென உள்ள பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். நிர்வாகம் கொடுத்த, உடம்போடு ஒட்டிய உடையைப் போட்டிருக்க வேண்டும். தொளதொள சட்டையின் நுனி ரோலரில் சிக்கினால் கையும் சேர்ந்து போய்விடும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

ஆக, பதிவேட்டில் பெயர் இல்லாத பேக்கிங் ஹெல்பரிடம் அந்த வேலையைச் சொன்னதே தப்பு. அதை மறுத்தது கீழ்ப்படியாமை ஆகாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கச் சொல்வதும் இதே ரகம்தான். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அப்படி ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டு சட்டம் குற்றமாகவே ஆக்கிவிட்டது.

நியாயமான உத்தரவா?

உண்மையான தகராறு இங்கேதான் வருகிறது. ஏனென்றால் பெரும்பாலான அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்களில் ‘நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. சார்ஜ் ஷீட் வந்ததும் நிர்வாகம் முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான்.

ஆனால், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த வேலையையும் வாங்கிவிட முடியாது. லேத் ஆபரேட்டரை இன்னொரு லேத்துக்கு மாற்றினாலோ, தன் மெஷினைச் சுற்றிப் பெருக்கச் சொன்னாலோ, அவர் மறுப்பது எடுபடாது. அதே ஆபரேட்டரை மேனேஜர் வீட்டுத் தோட்ட வேலைக்கு அனுப்பினால், அது கம்பெனி வேலையே இல்லை. லைசென்ஸ் இல்லாதவரை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சொன்னால், உத்தரவு போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நேரமும் சூழ்நிலையும்கூடக் கணக்கில் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை திருவள்ளூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அந்த மாதிரி நாளில் குடோனுக்குள் தண்ணீர் வரும்போது, ‘மூட்டையைத் தூக்கி மேலே வைக்க ஒரு கை கொடுங்க’ என்றால், ‘நான் குவாலிட்டி செக்கர்’ என்று நிற்பதை நியாயப்படுத்துவது கஷ்டம். அதே வேலையை மாதக்கணக்கில் தினமும் வாங்கினால் கதை வேறு. அது ஒத்தாசை இல்லை, பணியையே மாற்றுவது.

எப்படி மறுத்தார்?

பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். மறுக்கக் காரணம் சரியாக இருக்கும்; மறுத்த விதம் கேஸைக் கெடுத்துவிடும். வேலையை மறுத்ததை விட்டுவிட்டு, அப்போது வாய்தவறி வந்த வார்த்தையையே நிர்வாகம் குற்றச்சாட்டாக எழுதும்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்தால் இது புரியும். 1982-ல் ரமா காந்த் மிஸ்ரா வழக்கு. மேலதிகாரியிடம் மிரட்டும் தொனியில் பேசியதற்காக அவர் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். பேசியது தப்புதான், ஆனால் பல ஆண்டு சர்வீஸில் கறை இல்லாதவருக்கு இது அதிகப்படியான தண்டனை என்ற நீதிமன்றம், அதை இரண்டு இன்கிரிமென்ட் வெட்டாகக் குறைத்தது. 2005-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா - நரவாடே வழக்கு. அங்கே தொழிலாளி மேலதிகாரியைக் கெட்ட வார்த்தைகளால் திட்டியிருந்தார். அவருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் கொடுத்த நிவாரணத்தை ரத்து செய்து, டிஸ்மிஸல் சரியே என்றது உச்ச நீதிமன்றம்.

அதனால் தொழிற்சங்கத்தில் பழுத்தவர்கள் சொல்லும் வழி இதுதான்: உயிருக்கு ஆபத்து இல்லாத, சட்டவிரோதம் இல்லாத வேலை என்றால், முதலில் செய்துவிட்டு அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட வேண்டும். ஆபத்தான வேலை என்றால் காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டு, வாட்ஸ்அப்பிலாவது அதைப் பதிந்து வைக்க வேண்டும். நேரம், தேதியோடு இருக்கும் அந்த ஒரு மெசேஜ், பின்னாடி நான்கு சாட்சிக்குச் சமம்.

டிஸ்மிஸல் எப்போது செல்லும்?

உத்தரவு சரியானது, மறுப்பு வேண்டுமென்றே என்று நிரூபணமானாலும் உடனே டிஸ்மிஸ் செய்துவிட முடியாது. சார்ஜ் ஷீட் கொடுத்து, விளக்கம் கேட்டு, உள்விசாரணை நடத்தி, நிர்வாகத் தரப்பு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தர வேண்டும். தண்டனையை முடிவு செய்யும்போது தவறின் கனத்தையும் தொழிலாளியின் பழைய ரெக்கார்டையும் பார்க்க வேண்டும் என்பதும் மாதிரி நிலையாணையிலேயே இருக்கிறது. விசாரணைக் காலத்தில் சஸ்பென்ட் செய்தால், தமிழ்நாட்டின் 1981 பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம் தர வேண்டும். நாள் கூடக்கூட அந்தத் தொகையும் கூடும்.

ஒரே ஒரு தடவை மறுத்ததற்கு டிஸ்மிஸல் என்றால் நீதிமன்றம் பெரும்பாலும் புருவத்தை உயர்த்தும். எச்சரிக்கை, மெமோ, ஓரிரு நாள் சஸ்பென்ஷன் எல்லாம் கொடுத்தும் திரும்பத் திரும்ப மறுத்தார், அல்லது மறுத்ததால் உற்பத்தியோ சக ஊழியரின் பாதுகாப்போ பாதிக்கப்பட்டது என்றால் நிர்வாகத்தின் கை ஓங்கும். தண்டனை அதிகம் என்று பட்டால் அதைக் குறைக்கும் அதிகாரத்தை, 1971-ல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது.

புதிய சட்டத்தில் என்ன மாற்றம்?

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் இதிலும் தொடர்கிறது. ஆனால், முன்பு 100 பேர் வேலை செய்தாலே நிலையாணை கட்டாயம். இப்போது 300 பேர் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூர் காக்களூரிலும் உள்ள சின்ன யூனிட்டுகள் இந்தக் கணக்குக்குள் வராது. அங்கே எது ஒழுங்கீனம் என்று எழுதிவைத்த பட்டியலே இல்லாமல் போகலாம். அப்போது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான் முக்கிய ஆவணம்.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த ஆர்டரும் பெரும்பாலும் கையில் இருக்காது. மறுத்தால் சார்ஜ் ஷீட் எல்லாம் வராது. மறுநாள் கேட்டில் பாஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான். அவரும் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம். ஆனால் யார் முதலாளி, எப்போது நீக்கினார்கள் என்று காட்ட இஎஸ்ஐ, பிஎஃப் எண்ணும் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கும் வேண்டும். டிஸ்மிஸலை எதிர்த்து வழக்கு எழுப்ப முன்பு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் அது 2 ஆண்டு.