எந்தச் சென்னை? எந்த 15ஆம் தேதி?

ஆடி பிறந்தால் தாம்பரத்தில் நாளிதழைவிட அதற்குள் செருகி வரும் துண்டறிக்கைகளின் கனம் கூடிவிடும். 2025 ஆடியில் வந்த ஒன்றைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு கடையின் பரிசுப் போட்டி அது. வாசகம் இவ்வளவுதான்: “சென்னைவாசிகளுக்கு மட்டும்! ரூ.2,000-க்கு மேல் வாங்குங்கள். எங்கள் கடையைப் பற்றி ஒரு வரி எழுதி, பில்லுடன் பெட்டியில் போடுங்கள். முதல் பரிசு ஸ்கூட்டர். ஆகஸ்ட் 15 வரை. நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா இதை நம்பி 2,150 ரூபாய்க்குப் புடவை எடுத்தார். படிவத்தை நீட்டியபோது ஆதாரைக் கேட்டிருக்கிறார்கள். “இதுல காஞ்சிபுரம் மாவட்டம்னு போட்டிருக்கேம்மா, சென்னைக்காரங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளாகச் சேலையூரில் குடியிருப்பவர். தன் ஊர் எது என்ற கேள்வியோடு வீடு திரும்பினார்.

அவர் மீது என்ன தவறு? தாம்பரத்துக்காரர் சென்னைவாசியா என்று கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு பதில் சொல்லும். அஞ்சல் துறைக்கு மேற்குத் தாம்பரம் சென்னை 600045. சேலையூர் சென்னை 600073. வருவாய்த் துறைக்கு இது 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம், அதன் பிறகு செங்கல்பட்டு மாவட்டம். பழைய ஆதாரில் காஞ்சிபுரம் என்றும் புதிய ஆதாரில் செங்கல்பட்டு என்றும் ஒரே வீட்டிலேயே பார்க்கலாம். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வரைபடத்தில் நாம் சென்னைப் பெருநகரத்துக்குள் இருக்கிறோம். ஆனால் பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. 2021இல் நமக்கென்று தாம்பரம் மாநகராட்சி வந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் காவல் ஆணையரகமும் தனியாயிற்று. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுவதோ ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில். தாம்பரம் என்று எழுதினாலும் சிக்கல் தீராது. குரோம்பேட்டையும் பம்மலும் அனகாபுத்தூரும் மாநகராட்சியின்படி தாம்பரம்தான். அங்கிருப்பவரிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள், தாம்பரம் என்று சொல்லமாட்டார்.

இத்தனை எல்லைக்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மண்ணில் ‘சென்னைவாசி’ என்று எழுதுவது தகுதி விதியே அல்ல. ஊரின் பெயரை விட்டுவிட்டு அஞ்சல் குறியீட்டு எண்களை வரிசையாக அச்சிட வேண்டும். அந்த ஆறு இலக்கம் ரேஷன் கடை முதல் கூரியர் பையன் வரை எல்லாருக்கும் தெரியும். மாவட்டம் பிரிந்தபோதும் அது மாறவில்லை. எந்த அடையாள அட்டை செல்லும், மாவட்டப் பெயர் பார்க்கப்படுமா என்பதையும் அதே வரியில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து ‘ஆகஸ்ட் 15 வரை’. தமிழில் ‘வரை’ இரண்டு விதமாகப் பேசும். ‘தாம்பரம் வரை போகும் ரயில்’ தாம்பரத்துக்கு வந்து சேரும். ‘மழை வரும் வரை’ என்றால் மழை வந்ததும் முடிந்தது. 15ஆம் தேதி உள்ளே இருக்கிறதா, வெளியே நிற்கிறதா? ‘15ஆம் தேதிக்குள்’ என்று மாற்றினால் பாதிப்பேர் 14 மாலையோடு நிறுத்திக்கொள்வார்கள். ‘15ஆம் தேதி நள்ளிரவு 12 மணி’ என்பதும் இரண்டு இரவுகளைக் குறிக்கும். மேலும், 15இல் முடிவது வாங்குவதா, எழுதுவதா, பெட்டியில் போடுவதா? முடிவது எது என்பதை வினைச்சொல்லாகவே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை: “2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, இரவு 9 மணிக்குப் பெட்டி மூடப்படும்.” கிழமையைச் சேர்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. அச்சில் தேதி பிழையாக விழுந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை சொன்னது கவனக்குறைவு. ‘பில்லுடன்’ என்ற சொல் அப்படியல்ல. தமிழ்நாட்டில் 1979 முதல் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. பொருள் வாங்கியவர்களிலிருந்து சிலரைக் குலுக்கல் மூலமோ வேறு எந்த முறையிலோ தேர்ந்து பரிசு தருவதை அது தடுக்கிறது. ‘வேறு எந்த முறையிலோ’ என்பதைக் கவனியுங்கள். வரி எழுதச் சொல்லித் திறமைப் போட்டி என்று பெயர் வைத்தாலும், பில்லைக் கேட்ட கணத்தில் கடைக்காரர் அந்தச் சட்டத்தின் வாசலில் நிற்கிறார். நாடு முழுக்க நடக்கும் பரிசுத் திட்டங்களின் அடியில் ‘தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது’ என்று பொடி எழுத்தில் வருவது இதனால்தான். தாம்பரத்துக் கடை அப்படிப் போட்டுத் தப்பிக்க முடியாது. வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பரிசு என்றால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை, அது வேறு கதை. அங்கேயும் ‘2,000-க்கு மேல்’ என்று எழுதினால் சரியாக 2,000-க்கு வாங்கியவர் வாசலில் சண்டை போடுவார். ‘ஒரே பில்லில் ரூ.2,000 அல்லது அதற்கு மேல்’ என்று எழுத வேண்டும்.

பிறகு ஸ்கூட்டர். பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் உண்டு. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பின்பே நடத்துபவர் அதைக் கையில் தரலாம். ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டரை வென்றவர் சாவி வாங்க 30,000 ரூபாயோடு வர வேண்டும். அதற்கு மேல் பதிவுச் செலவும் காப்பீடும் இருக்கின்றன. கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு இதை வென்ற பிறகு சொல்வது வஞ்சகம். விலை, வரியை யார் கட்டுவது என்ற இரண்டும் பரிசின் பெயருக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.

துண்டறிக்கையில் இடமில்லை என்று விளம்பரக்காரர்கள் சொல்வார்கள். நடிகையின் படத்துக்குப் பாதித் தாளைக் கொடுத்தவர்களின் பேச்சு இது. பதில் சொல்லத் தேவையில்லை. அதே அறிவிப்பைத் திருத்தி எழுதிப் பார்த்தேன்:

“600044, 600045, 600059, 600063, 600073 ஆகிய அஞ்சல் எண்களில் வசிக்கும், 18 வயது நிறைந்த எவரும் கலந்துகொள்ளலாம். ஆதார் அல்லது வாக்காளர் அட்டையில் அஞ்சல் எண் மட்டுமே பார்க்கப்படும். எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரு படிவம் மட்டும். பத்துச் சொற்களுக்கு மிகாத ஒரு வரி எழுதிக் கடையிலுள்ள பெட்டியில் போடவும். 2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, இரவு 9 மணிக்குப் பெட்டி மூடப்படும். மிகச் சிறந்த வரிக்கு ரூ.1,00,000 மதிப்புள்ள ஒரு ஸ்கூட்டர். வரி, பதிவு, காப்பீட்டுச் செலவு கடையுடையது. முடிவு ஆகஸ்ட் 24 அன்று இந்தத் துண்டறிக்கை வந்த நாளிதழில் வெளியாகும்.”

உள்ளங்கை அளவு இடம் போதும். அச்சுக்குப் போகுமுன் இதை அறியாத இருவரிடம் கொடுத்து, ‘நீங்கள் கலந்துகொள்ளலாமா, எப்போது வரை, வென்றால் கையிலிருந்து எவ்வளவு செலவாகும்’ என்று தனித்தனியே கேட்க வேண்டும். பதில்கள் வேறுபட்டால் வாசகத்தில்தான் கோளாறு.

முடிவை அறிவிக்கும் கடைசி வரியும் சலுகை அல்ல. பரிசுத் திட்டத்தின் இறுதி முடிவை மறைப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். விளம்பரம் வந்த நாளிதழிலேயே முடிவும் நியாயமான காலத்துக்குள் வெளிவந்தால், அதை அறிவித்ததாகவே அந்தச் சட்டம் கொள்கிறது. 2022இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள், நிபந்தனை விளம்பரத்தின் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று எழுதி நிபந்தனையைக் காட்டாமல் விடுபவர், தோற்றவரை விரட்டுவதற்காகவே அதை எழுதி வைத்திருக்கிறார். என் தீர்ப்பு அதுதான். அந்த ஒரு சொற்றொடர் இருக்கும் எந்தப் பரிசு அறிவிப்பையும் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் விநியோகிக்கத் தடை விதிக்க வேண்டும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டி மூடும் மணியும் வரி கட்டுபவர் யார் என்பதும் அச்சிடப்படாத படிவத்தில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதாதீர்கள்.