ஒரு உலோக கம்பெனி வழியாக திருப்பி விடப்பட்ட இன்டர்நெட்: சில 'ஹப்'கள் சறுக்கினால் ஏன் எல்லாருக்கும் அடி?

2019 ஜூன் 24, இந்திய நேரப்படி மாலை 4 மணி. உலகின் பல இடங்களில் டிஸ்கார்டு உள்பட ஏகப்பட்ட தளங்கள் திடீரெனத் திறக்கவில்லை. அந்தத் தளங்களுக்கு முன்னால் நின்று டிராஃபிக்கை வாங்கிக்கொடுக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், உச்சகட்டத்தில் தன் உலகளாவிய டிராஃபிக்கில் சுமார் 15 சதவீதத்தை இழந்தது. யாரும் ஹேக் செய்யவில்லை. கடலடி கேபிளும் அறுபடவில்லை. அந்த டிராஃபிக் எல்லாம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அப்போது இருந்த அலிகெனி டெக்னாலஜீஸ் என்ற உலோகத் தயாரிப்பு கம்பெனியின் ஆபீஸ் இணைப்புக்குள் போய் முட்டிக்கொண்டிருந்தது!

எப்படி இது சாத்தியம்? அதைப் புரிஞ்சுக்க, இன்டர்நெட்டோட வரைபடம் எப்படி இருக்கும்னு முதல்ல பார்த்துடலாம்.

வலை இல்லை, நெட்வொர்க்குகளின் நெட்வொர்க்

இன்டர்நெட் என்பது பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகள் ஒன்றோடு ஒன்று கைகோத்தது. டெலிகாம் கம்பெனி, பல்கலைக்கழகம், வங்கி என ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அதை ஏ.எஸ். எண் என்பார்கள். வெரைசானுக்கு 701, கிளவுட்ஃபிளேருக்கு 13335. இந்த ஒவ்வொரு நெட்வொர்க்கையும் ஒரு புள்ளியாகவும், அவற்றுக்கு இடையிலான இணைப்பை ஒரு கோடாகவும் வரைந்தால் கிடைப்பதுதான் அந்த வரைபடம்.

இதில் இரண்டு விசித்திரங்கள். ஒன்று, இத்தனை ஆயிரம் புள்ளிகள் இருந்தும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக சராசரியாக நாலைந்து தாவல்களே போதும். 'சின்ன உலகம்' என்று இதற்குப் பெயர். இரண்டாவது, பெரும்பாலான புள்ளிகளுக்கு ஒன்றோ இரண்டோ இணைப்புகள்தான். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில். இந்த ஏற்றத்தாழ்வை 1999-ல் ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூன்று பேர் அளந்து காட்டினார்கள். இதில் 'சராசரி நெட்வொர்க்' என்று ஒன்றைச் சொல்லவே முடியாது என்பதால் 'ஸ்கேல்-ஃப்ரீ' என்கிறார்கள்.

இரண்டும் ஒட்டிப்பிறந்தவை. புதிதாக வரும் ஒரு சின்ன நெட்வொர்க், ஏற்கெனவே நிறைய பேருடன் இணைந்திருக்கும் பெரிய கம்பெனியிடம்தான் இணைப்பு வாங்கும். ஒரே இணைப்பில் உலகமே கிடைத்துவிடுமே! அதனால் பெருசு மேலும் பெருசாகும், எல்லா வழியும் அது வழியாகச் சுருங்கும்.

சும்மா போனால் சேதமில்லை, குறிவைத்தால்?

2000-ல் ரேகா ஆல்பர்ட், ஹாவூங் ஜியாங், ஆல்பர்ட்-லாஸ்லோ பரபாசி ஆகியோர் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட வலையில் கண்ணை மூடிக்கொண்டு 5 சதவீதப் புள்ளிகளை அழித்தாலும், மிச்சப் புள்ளிகளுக்கு இடையிலான சராசரி தூரம் மாறுவதில்லை. காரணம் சிம்பிள்: குருட்டாம்போக்கில் விழும் அடி பெரும்பாலும் ஏதோ ஒரு சின்ன புள்ளி மேல்தான் விழும். ஆனால் அதே 5 சதவீதத்தை, அதிக இணைப்புள்ள ஹப்களாகப் பொறுக்கி எடுத்தால் தூரம் இரட்டிப்பாகிறது. மேலும் எடுத்தால் வலை துண்டு துண்டாகிவிடும்.

இதைப் படிச்சுட்டு 'நாலு சர்வர் ரூமை மூடினா இன்டர்நெட் காலி' என்று அப்போது பலர் எழுதினார்கள். அது கொஞ்சம் ஓவர். ஒரு ஏ.எஸ். என்பது ஒரு கட்டடம் இல்லை. வெரைசான் என்ற ஒரு புள்ளிக்குள் பல நகரங்களில் பரவிய ரூட்டர்கள் இருக்கின்றன. தவிர, நெட்வொர்க்குகள் தங்களுக்குள் நேரடியாகப் போட்டுக்கொள்ளும் இணைப்புகளில் நிறைய, வெளியிலிருந்து அளப்பவர்களின் கண்ணில் படுவதே இல்லை. ஆக, ஹப்பை உடைத்துச் சாய்ப்பது அத்தனை சுலபமில்லை. ஆனால் ஹப்பை *ஏமாற்றுவது* சுலபம். 2019-ல் நடந்தது அதுதான்.

அன்று நடந்தது என்ன?

நெட்வொர்க்குகள் 'இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்' என்று பக்கத்து நெட்வொர்க்குக்கு அறிவிக்கும். அதற்கான மொழி பி.ஜி.பி. இதில் ஒரு விதி: இரண்டு அறிவிப்புகள் வந்தால், எது குறுகிய முகவரித் தொகுப்பைச் சொல்கிறதோ அதுதான் ஜெயிக்கும்.

பென்சில்வேனியாவின் டி.க்யூ.ஈ. என்ற சின்ன இன்டர்நெட் நிறுவனம், தன் உள்வேலைக்காக ஒரு 'ஆப்டிமைசர்' வைத்திருந்தது. அது மற்றவர்களின் முகவரித் தொகுப்புகளைப் பாதியாக வெட்டும். கிளவுட்ஃபிளேர் அறிவித்தது 4,096 முகவரிகள் கொண்ட ஒரே தொகுப்பு. ஆப்டிமைசர் அதை 2,048 வீதம் இரண்டாக்கியது:

```
104.20.0.0/20  →  104.20.0.0/21
                  104.20.8.0/21
```

வீட்டுக்குள் இருந்தவரை பிரச்சனையில்லை. ஆனால் இந்த வெட்டிய வழிகள் டி.க்யூ.ஈ.யின் வாடிக்கையாளரான அலிகெனிக்குக் கசிந்தன. அலிகெனிக்கு வெரைசானிடமும் இணைப்பு இருந்தது. வாங்கியதை அப்படியே அங்கே ஒப்பித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் கதை முடிந்திருக்க வேண்டும். ஒரு உலோக கம்பெனி வந்து 'இன்டர்நெட்டின் ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு என் வழியா வாங்க' என்றால், 'உனக்கு எதுக்குப்பா இவ்வளவு?' என்று கேட்டு இணைப்பைத் துண்டிக்கும் எளிய வரம்பு ஒன்று உண்டு. வெரைசான் அதைப் போட்டிருக்கவில்லை. நம்பியது, உலகுக்கே பரப்பியது. குறுகிய தொகுப்பு என்பதால், அந்த அறிவிப்பு வந்து சேர்ந்த ரூட்டர்கள் அதையே தேர்ந்தெடுத்தன. தேசிய நெடுஞ்சாலை வண்டிகளை எல்லாம் ஒரு முட்டுச்சந்துக்குள் திருப்பி விட்ட மாதிரி.

அன்றைய வழித்தடம் இது:

```
701 396531 33154 3356 13335
```

இடமிருந்து படியுங்கள்: வெரைசான், அலிகெனி, டி.க்யூ.ஈ., லெவல் 3, கிளவுட்ஃபிளேர். பெருசு, சிறுசு, சிறுசு, பெருசு. லெவல் 3-யும் வெரைசான் மாதிரியே ஒரு ராட்சச ஹப். இரண்டு ராட்சசர்கள் பேசிக்கொள்ள நடுவில் ஒரு ஆபீஸ் இணைப்பு எதற்கு? வழித்தடம் மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்கி மறுபடி மேடேறினால், அது கசிவு என்று இன்ஜினியர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

இதே தவறை இன்னொரு சின்ன நெட்வொர்க்கிடம் அலிகெனி சொல்லியிருந்தால் அந்த வட்டாரத்தோடு போயிருக்கும். 'சின்ன உலகம்' நல்ல செய்தியை நாலு தாவலில் கொண்டுபோவது போல, கெட்ட செய்தியையும் நாலே தாவலில் கொண்டுபோகும். கிளவுட்ஃபிளேர் ஆட்கள் வெரைசானுக்குப் போன், மெயில் எனத் தட்டிப் பார்த்தும் பதில் இல்லை. கடைசியில் டி.க்யூ.ஈ.யைப் பிடித்து, அந்த அறிவிப்புகளை நிறுத்த வைத்தார்கள். அதற்குள் சுமார் இரண்டு மணி நேரம் போயிருந்தது.

பூட்டு போட முடியாதா?

ஆர்.பி.கே.ஐ. என்ற டிஜிட்டல் கையொப்ப முறை இருக்கிறது. 'இந்த முகவரிகளை இந்த ஏ.எஸ். மட்டுமே, இந்த அளவுக்குக் குறையாத தொகுப்பாக அறிவிக்கலாம்' என்று உரிமையாளர் பதிந்து வைப்பார். கிளவுட்ஃபிளேர் பதிந்தும் வைத்திருந்தது. வெரைசான் அதைச் சரிபார்த்திருந்தால் பாதியாக வெட்டிய வழிகள் வாசலிலேயே செத்திருக்கும். இங்கேதான் ஹப்களால் ஒரு லாபமும் இருக்கிறது. பல்லாயிரம் சின்ன நெட்வொர்க்குகளைத் திருத்த வேண்டியதில்லை, பெரிய சிலர் வடிகட்டினாலே பெரும்பாலான தவறுகள் பரவாது.

ஆனால் ஒரு ஓட்டை. இந்த முறை பார்ப்பது முகவரிக்குச் சொந்தக்காரர் யார் என்பதை மட்டுமே. நடுவழியில் யார் யார் என்பதை இல்லை. ஆப்டிமைசர் தொகுப்பை வெட்டாமல் முழுசாகவே கசியவிட்டிருந்தால், ஆர்.பி.கே.ஐ. அதைப் பிடித்திருக்காது. அதற்காக 2022-ல் வந்ததுதான் ஆர்.எஃப்.சி. 9234. இணையும்போதே 'நீ வாடிக்கையாளர், நான் சப்ளையர்' என்று இரு ரூட்டர்களும் சொல்லிக்கொள்ளும். வாடிக்கையாளரிடமிருந்து பள்ளமேறி வரும் வழியை சப்ளையரின் ரூட்டர் தானே நிராகரிக்கும். ஆனால் இரண்டு பக்கமும் அதை ஆன் செய்தால்தான் அந்தக் கைகுலுக்கல் முழுசாக நடக்கும்.