அலகு விலையில் எங்கட கிணறு இல்லை

"அபிவிருத்தி எண்டால் கொஞ்சம் மாசும் இருக்கத்தான் செய்யும், அதுதான் அதுக்கான விலை" என்று சொல்பவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்த விலையைக் குடுக்கிறது ஆர்? சுன்னாகத்தில் மின்சாரத்தை விற்றவர் குடுக்கவில்லை. வாங்கியவரும் குடுக்கவில்லை. அந்த வியாபாரத்தில் ஒரு சதமும் காணாத கிணற்றுக்காரர்தான் குடுத்தார்.

கணக்கு எப்படி ஓடியது என்று பார்ப்போம். நாட்டின் மின்வலையமைப்போடு தொடுப்பு இல்லாமல் கிடந்த யாழ்ப்பாணத்துக்கு, தனியார் நிறுவனமொன்று சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் உற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்றது. அந்த மின்சாரத்தின் விலைக்குள் எரிபொருள் இருக்கும், இயந்திரம் இருக்கும், சம்பளம் இருக்கும், இலாபமும் இருக்கும். ஏனென்றால் இவை ஒவ்வொன்றுக்கும் காசு கேட்க ஒரு ஆள் உண்டு. எண்ணெய் விற்றவர் பில் அனுப்புவார், தொழிலாளி சம்பளம் கேட்பார். நிலத்தடி நீர் பில் அனுப்பாது.

இப்படிப்பட்ட நிலையத்தில் கழிவு தினமும் சேரும். கனத்த எரிபொருளைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் சேறு, பாவித்த மசகெண்ணெய், இயந்திரம் கழுவிய தண்ணீர். இதை நிலத்தில் ஊறாத தொட்டியில் சேர்த்து, எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்து, பாதுகாப்பாக எரிக்கும் இடத்துக்கு ஏற்றி அனுப்பக் காசு வேணும். நிலத்தில் விட்டால் ஒரு செலவும் இல்லை. உண்மையில் செலவு இல்லாமல் போகவில்லை, மதிலைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குப் போனது. பொருளியல் பாடத்தில் இதற்குப் பெயர் புறவிளைவு. ஏதோ தற்செயலாக நடந்த தவறு போல அந்தச் சொல் ஒலிக்கும். ஆனால் ஒழுங்காகச் செலவழிக்கிற நிறுவனத்தின் மின்சாரம் விலை கூடினதாகவும், கழிவை வெளியே தள்ளுகிறவரின் மின்சாரம் மலிந்ததாகவும் தெரிந்தால், சந்தை யாரைத் தெரிவு செய்யும்?

யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் குகை வழிகளும் உண்டு. மணல் வடிகட்டுவது போல இது வடிகட்டாது. மேலே ஊற்றியது கீழே போய், நீரோடு சேர்ந்து பரவும். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுகிற ஆறும் இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். எண்ணெய் தண்ணீருக்கு மேல் மிதப்பதால் கிணற்றில் படலமாகத் தெரியும். இரும்புப் பாசியும் அப்படி மினுங்கும். தடியால் தட்டினால் அது கண்ணாடி போல உடையும், எண்ணெய்ப் படலம் திரும்பவும் சேரும். ஆனால் தண்ணீரில் கரைந்துபோன பகுதி கண்ணுக்குப் படாது, ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

"பாதிக்கப்பட்டவர்கள் நிறுவனத்தோட பேசித் தீர்த்திருக்கலாமே" என்று சந்தையை நம்புகிறவர்கள் சொல்வார்கள். என்னத்தைக் காட்டிப் பேசுறது? கிணற்றில் கிடக்கும் எண்ணெயில் பெயர் எழுதியிருக்காது. அதே வளாகத்தில் பழைய மின்நிலையமும் இருந்தது, ஆகவே "எங்கட இல்லை" என்று யாரும் சொல்லலாம். ஆய்வுக்கும் வழக்குக்குமான செலவு ஒரு கிணற்றுக்காரரின் இழப்பை விடக் கூட. பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் இழப்பு, ஒருவருக்கு மொத்தமாய் இலாபம் என்றால், பேசத் தொடங்குவதே பெரிய செலவு.

வழக்கு 2015 இல் உயர் நீதிமன்றம் போனது. 2019 இல் தீர்ப்பு வந்தது. மாசாக்கியவரே செலவைச் சுமக்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதோடு கணக்கு முடிந்தது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு பேச்சுக்கு 500 கிணறுகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 40,000 ரூபா. ஒரு வீடு நாளுக்கு 50 ரூபாவுக்குத் தண்ணீர் வாங்கினால் 800 நாளில் அது முடிந்துவிடும். பவுசருக்காகக் காவல் நின்ற நேரமும் தோட்டத்தின் நட்டமும் அதற்குள் இல்லை.

பிறகு வரும் நட்டஈடு விலை ஆகாது. பிடிபட்டால், அதுவும் வருசக்கணக்கில் வழக்காடி முடிந்த பிறகு கட்டுவதென்றால், கழிவை நிலத்தில் விடுவது இன்னும் மலிவுதான். ஆகவே செலவு முன்கூட்டியே விலைக்குள் ஏறவேண்டும். மின்சாரக் கொள்வனவு ஒப்பந்தத்திலேயே கழிவு அகற்றலுக்கான வைப்புப் பணம் கட்டவேண்டும். நிலையத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். தொடங்க முதலே தண்ணீரைப் பரிசோதித்துப் பதிந்து வைத்தால், பிறகு "இது பழைய எண்ணெய்" என்று ஒருவரும் தப்பேலாது.

அப்படிச் செய்தால் மின்சார விலை கூடும் என்பார்கள். கூடட்டும். அது புதுச் செலவு இல்லை. எங்கட வீட்டு லைற் எரிய, சுன்னாகத்தில் இன்னொருத்தர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த காசுதான் அது.